மழை நாள் கணக்கை விட்டுவிடலாமா?

“எட்டாவது படிக்கிறேன். மண்பானைத் தண்ணீரையும் எவர்சில்வர் குடத்துத் தண்ணீரையும் 6 நாள் அளந்து, பானை குளிர்விக்கும் என்று நிரூபித்தேன். மழை பெய்த நாளில் மட்டும் வித்தியாசமே இல்லை. கோடைப் பள்ளி விண்ணப்பத்தில் அந்த நாளை விட்டுவிடலாமா?”

விட்டுடாதீங்க தம்பி, எனக்கு ரொம்பப் பிடிச்சதே அந்த நாள்தான். பானையில் கசியும் நீர் ஆவியாகும்போதுதான் உள்ளே குளிரும். காற்றில் ஈரம் மிகுந்தால் ஆவியாவது குறையும். ‘நிரூபித்தேன்’ வேண்டாம். இப்படி எழுதுங்க: “5 நாள் பானைத் தண்ணீர் குளிர்ந்திருந்தது, மழை நாளில் இல்லை. காற்றின் ஈரம் காரணமாக இருக்கலாம், ஆனால் ஈரத்தை நான் அளக்கவில்லை. வைத்திருந்தது ஒரே பானை.” தினசரி அளவுகளையும் கீழே சேருங்க. அடுத்து, பானையின் வெளிப்புறம் முழுக்க பெயின்ட் அடித்து, கசிவை நிறுத்தி அளக்க ஆசை என்று ஒரு வரி போதும்.