ஐபி எக்ஸ்டெண்டட் எஸ்ஸே: ஆய்வுக் கேள்வி தேறுமா?

“என் கேள்வி ‘1942இல் சிங்கப்பூர் ஏன் வீழ்ந்தது?’ ஊர் ஒன்று, ஆண்டு ஒன்று. இதுவே விரிந்து கிடக்கிறது என்கிறார் சூப்பர்வைசர். இதற்குமேல் எப்படிக் குறுக்குவது மிஸ்?”

தம்பி, ஆண்டைக் குறுக்கிவிட்டீர்கள், காரணத்தைக் குறுக்கவில்லை. பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிபல்ஸ் என்ற இரண்டு பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் மூழ்கியது, விமானபலம் இல்லாதது, மலாயாவில் பின்வாங்கியது, கடைசி நாட்களில் தண்ணீர்த் தட்டுப்பாடு என்று வரிசையாக எழுதினாலே 4000 சொல் தீர்ந்துவிடும். முடிவுரையில் ‘பல காரணங்கள் சேர்ந்து’ என்பதைத் தவிர எழுத ஒன்றும் இருக்காது.

ஒரே ஒரு காரணத்தைப் பிடியுங்கள். தாக்குதல் வடகிழக்கில் வரும் என்று எதிர்பார்த்து, புதிதாக வந்த பிரிட்டிஷ் 18ஆம் டிவிஷனை பிரிட்டிஷ் தளபதி பெர்சிவல் அங்கே நிறுத்தினார். ஜப்பானியர் பிப்ரவரி 8 இரவு வடமேற்கில், சரிம்புன் பக்கம் இறங்கினார்கள். அங்கே ஆஸ்திரேலிய 22ஆம் பிரிகேட் நீண்ட கரையோரத்தில் மெலிசாகப் பரவி நின்றது. 15ஆம் தேதி சரணடைந்தாயிற்று. இப்போது கேள்வியை இப்படி மாற்றலாம்: ‘1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் தீவு ஒரே வாரத்தில் வீழ்ந்ததற்கு, பெர்சிவல் படைகளை நிறுத்திய விதம் எந்த அளவுக்குக் காரணம்?’

இதை நான் இரண்டு விதத்தில் தட்டிப் பார்ப்பேன். ஒன்று, விவரம் தெரிந்த ஒருவர் இதற்கு ‘பெரிதாக இல்லை’ என்று வாதாட முடியுமா? முடியும். மலாயா போனபோதே தீவு போய்விட்டது, படையை எங்கே நிறுத்தியிருந்தாலும் இதே கதிதான் என்பார். இரண்டு, இரு தரப்புக்கும் ஆதாரம் உங்கள் கைக்கு எட்டுமா? எட்டும். பெர்சிவலின் அறிக்கை 1948இல் லண்டன் கெஜட்டில் வந்தது. அது தோற்றவர் தரும் விளக்கம் என்பதை மறக்காதீர்கள். ஆஸ்திரேலியாவின் அதிகாரபூர்வப் போர் வரலாற்றில் இந்தப் போர்முனைக்கென்றே 1957இல் வந்த ஒரு தொகுதி இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தால், யார் எதை அழுத்திச் சொல்கிறார்கள், எதை மெல்லக் கடந்து போகிறார்கள் என்று பிடிபடும். உங்கள் கட்டுரை அங்கேதான் பிறக்கும்.

“எவ்வளவு குறுகலோ அவ்வளவு மார்க், ‘எந்த அளவுக்கு’ என்று போட்டால் போதும் என்று சீனியர் அண்ணன் சொன்னார். சரிதானா?”

அண்ணன் பாதி சரி. ‘எந்த அளவுக்கு’ எடைபோட வைக்கும் சொல்தான், ஆனால் எடைபோட எதிர்ப்பக்கம் ஒன்று வேண்டும். ‘ஜப்பானியத் தாக்குதல் எந்த அளவுக்குக் காரணம்’ என்று கேட்டால் எதிர்ப்பக்கம் ஏது? குறுக்குவதற்கும் எல்லை உண்டு. ‘பிப்ரவரி 8 இரவு சரிம்புனில் தேடுவிளக்குகளை ஏன் போடவில்லை?’ என்பது சுவையான கேள்விதான். ஆனால் சில பத்திகளில் பதில் முடிந்துவிடும், மிச்சப் பக்கங்களைப் பின்னணிக் கதையால் நிரப்ப வேண்டிவரும்.

“என் மகள் உயிரியல் எடுத்திருக்கிறாள். ‘உப்பு, பச்சைப்பயறு முளைப்பதைப் பாதிக்குமா?’ என்பது கேள்வி. ஆமாம், இல்லை என்று பதில் வரக்கூடாதாமே. ‘எவ்வாறு’ சேர்த்தால் சரியாகிவிடுமா?”

‘எவ்வாறு’ ஒட்டினால் வாக்கியம் மாறும் அம்மா, சோதனை மாறாது. உப்பு கூடினால் முளைப்பு குறையும் என்பது செய்யாமலே தெரியும். எந்தச் செறிவில், எத்தனை மணி நேரத்தில், எதை அளந்து என்று கேள்வியிலேயே வரட்டும். உதாரணமாக 0 முதல் 150 மில்லிமோலார் வரை உப்புக் கரைசல், 72 மணி நேரம் கழித்து முளைவேரின் நீளம்.

அதோடு நிறுத்தினால் ஒரு வரைபடம்தான் மிஞ்சும். முளைவேர் குட்டையாவது தண்ணீரை உறிஞ்ச முடியாததாலா, சோடியம், குளோரைடின் நச்சாலா? இதைப் பிரிக்க மானிடால் கரைசலை இணையாக வைக்கலாம். அது தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும், அயனி தராது. உப்பு இரண்டு அயனியாகப் பிரிவதால், 100 மில்லிமோலார் உப்புக்கு ஏறக்குறைய 200 மில்லிமோலார் மானிடால் வேண்டும். இரண்டிலும் நீளம் ஒரே அளவு குறைந்தால் தண்ணீர்ச் சிக்கல்தான் முக்கியம், உப்பில் மட்டும் கூடுதலாகக் குறைந்தால் நச்சின் பக்கம் சந்தேகம் போகும். பள்ளி லேபில் மானிடால் இருக்கிறதா என்று முதலில் கேட்டுவிடச் சொல்லுங்கள்.

“நானும் வரலாறு எடுப்பவன்தான் மேடம். பெர்சிவல் விஷயம் அரைத்த மாவு. முதல் கேள்விக்காரருக்கு அதைச் சொல்லியிருக்க வேண்டாமா?”

அரைத்த மாவுதான், மறுக்கவில்லை. ஆனால் யாரும் சொல்லாததைச் சொல் என்று பதினேழு வயதுப் பிள்ளையிடம் கேட்பதில்லையே. ஆதாரம் ஏராளம், வரலாற்றாசிரியர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை, முதல்முறை எழுதுபவருக்கு அது வசதி. நகல் வாசம் அடிக்கும் என்ற உங்கள் பயமும் நியாயமானது. நானாக இருந்தால் இதே கேள்வியை அனுமதிப்பேன், நீங்கள் வேறு தலைப்பு கேட்பீர்கள். தம்பியின் சூப்பர்வைசர் எந்தக் கட்சி என்று தெரியவில்லை, அவரையும் கேட்டுவிட்டு எழுதட்டும்.