ஃபிக்மா தெரியும், சரி, யாரிடம் சோதித்தீர்கள்? – யூஎக்ஸ் ரெஸ்யூமே கேள்வி-பதில்

ஒரு யூஎக்ஸ் டிசைனரின் ரெஸ்யூமேயில் 14 டிசைன் டூல்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு பட்டை: ஃபிக்மா 90%, மீரோ 80% என்று. இதற்கு எவ்வளவு மதிப்பெண் தரலாம்? – மென்பொருள் நிறுவன மேலாளர், சென்னை

பூஜ்ஜியம். ஃபிக்மாவில் தெரியாத அந்த 10% எது என்று கேட்டால் அவருக்கே தெரியாது. டூல் பட்டியல் சீக்கிரம் பழசாகியும் போகும். அடோபி எக்ஸ்டியைப் புதியவர்களுக்குத் தனியாக விற்பதை 2023-இலேயே நிறுத்திவிட்டார்கள். இன்விஷன் தன் டிசைன் சேவையை 2024 கடைசியோடு மூடிவிட்டது. இரண்டையும் பெருமையாகப் போட்ட ரெஸ்யூமேக்கள் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

உங்கள் குழு வேலை செய்யும் டூல் அவருக்குத் தெரியாவிட்டாலும் சில வாரங்களில் பழகிக்கொள்வார். ஒருவரை ஆப்பின் முன் உட்காரவைத்து, வாயைத் திறந்து உதவாமல், அவர் எங்கே தடுமாறுகிறார் என்று குறிப்பெடுக்கும் பழக்கம் அவ்வளவு சீக்கிரம் வராது. நீங்கள் தேட வேண்டியது அதைத்தான்.

ஒரு இடத்துக்கு 200 ரெஸ்யூமே வருகிறது. எல்லா கேஸ் ஸ்டடியையும் படிக்க முடியுமா? எனக்கு டிசைன் தெரியாது. – ஹெச்.ஆர்., பெங்களூரு

எல்லாவற்றையும் படிக்க வேண்டாம். போர்ட்ஃபோலியோ இணைப்பே இல்லாதவை, திறந்தால் ஆப் திரைகளின் படங்கள் மட்டும் இருப்பவை, இவற்றை அரை நிமிடத்தில் ஒதுக்கிவிடலாம். அதன்பின் சுமார் 40 மிஞ்சும். ஒன்றுக்கு 5 நிமிடம் என்றாலும் மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடத்தான் ஆகும்.

அந்த 5 நிமிடத்தில் நான்கே விஷயங்களைப் பாருங்கள். யாரை, எத்தனை பேரைச் சந்தித்தார். அவர்களை எப்படிப் பிடித்தார். அவர்களிடம் என்ன கேட்டார், அல்லது என்ன செய்யச் சொன்னார். அதன்பின் டிசைனில் எது மாறியது. கடைசிதான் முக்கியம். முதல் ஸ்கெட்சும் கடைசித் திரையும் அச்சு அசலாக ஒன்றாக இருந்தால், நடுவில் நடந்த ஆய்வு வெறும் அலங்காரம். இதைக் கண்டுபிடிக்க டிசைன் படித்திருக்க வேண்டியதில்லை.

எல்லா கேஸ் ஸ்டடியிலும் பெர்சோனா, எம்பதி மேப், ஜர்னி மேப் வரிசையாக இருக்கின்றன. இது ரிசர்ச் செய்ததற்கு ஆதாரம்தானே?

இல்லை. பயன்படுத்துபவர் யார், என்ன உணர்கிறார், எந்தெந்தப் படியாகப் போகிறார் என்று, ஆய்வு முடிந்தபின் அதைச் சுருக்கிச் சொல்லும் படங்கள் இவை. ஒருவரைக்கூடச் சந்திக்காமல் ஒரு மதியத்தில் மூன்றையும் வரைந்துவிடலாம். ‘வயது 28, ஐ.டி. ஊழியர், காபி பிடிக்கும், நேரம் இல்லை’ என்று ஒரு பெர்சோனா இருந்தால், அந்தக் காபியால் டிசைனில் எந்தப் பட்டன் நகர்ந்தது என்று கேளுங்கள். பதில் வராது.

உண்மையாக வெளியே போய் வந்தவரின் எழுத்தில் எதிர்பாராத ஒன்று கட்டாயம் இருக்கும். ‘தேடல் பெட்டிதான் பிரச்சினை என்று நினைத்துப் போனோம், ஆனால் கடைக்காரர்கள் தேடுவதே இல்லை; போன மாத ஆர்டரைத் திறந்து அதையே திரும்பப் போடுகிறார்கள்’ என்பது மாதிரி ஒரு வரி. இதை அறைக்குள் உட்கார்ந்து கற்பனையில் எழுதுவது கடினம்.

ரெஸ்யூமே இணைத்துள்ளேன். நல்லதா இல்லையா என்று உடனே சொல்லவும். அர்ஜென்ட்.

எந்த வேலைக்கு என்று எழுதவில்லை. எத்தனை வருட அனுபவம் கேட்கிறார்கள் என்று எழுதவில்லை. போர்ட்ஃபோலியோ இணைப்பைத் திறந்தால் ‘அனுமதி கேட்கவும்’ என்கிறது. தேர்வு செய்பவர் அனுமதி கேட்டு உட்கார்ந்திருக்க மாட்டார், அடுத்த ரெஸ்யூமேக்குப் போய்விடுவார். முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

‘மறுவடிவமைப்பால் டாஸ்க் சக்சஸ் 100% உயர்வு, எஸ்.யு.எஸ். 82%’ என்று ஒரு ரெஸ்யூமே சொல்கிறது. எங்களுக்குப் பிடித்திருக்கிறது. நம்பலாமா? – ஸ்டார்ட்அப் நிறுவனர், கோவை

உங்களுக்குப் பிடித்திருப்பதுதான் கவலை. ‘ரெஸ்யூமேயில் எல்லாவற்றையும் எண்ணில் சொல்’ என்று யாரோ ஊர் முழுக்கச் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். அதிலிருந்து சதவீதம் இல்லாத யூஎக்ஸ் ரெஸ்யூமேயே வருவதில்லை.

நீங்கள் அனுப்பிய கேஸ் ஸ்டடியைப் படித்தேன். மின்கட்டணம் கட்டும் ஆப். பழைய டிசைனில் 5 பேரைக் கட்டச் சொல்லிப் பார்த்திருக்கிறார். 2 பேர் முடித்தார்கள். புதியதில் வேறு 5 பேர். 4 பேர் முடித்தார்கள். இரண்டு நான்கானதால் 100% உயர்வு. கணக்குத் தப்பில்லை. ஆனால் நடந்தது, கூடுதலாக இரண்டு பேர் முடித்தார்கள் என்பதுதான். 5-இல் 4 பேர் முடித்தால், ஊரில் எல்லோரிடமும் கொடுக்கும்போது உண்மையான விகிதம் தோராயமாக 35%-க்கும் 98%-க்கும் நடுவில் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். 5-இல் 2 என்றால் 12%-க்கும் 77%-க்கும் நடுவில். இரண்டு வீச்சும் பெரும்பகுதி ஒன்றின்மேல் ஒன்று விழுகின்றன. டிசைன் மேம்பட்டிருக்கலாம். இந்தச் சோதனை அதை நிரூபிக்கவில்லை.

‘ஐந்து பேர் போதும் என்று நீல்சனே சொல்லியிருக்கிறாரே’ என்பார்கள். யூசபிலிட்டி ஆய்வாளர்களான யாக்கப் நீல்சனும் தாமஸ் லாண்டவரும் 1993-இல் காட்டியது வேறு. ஒரு சிக்கல் சராசரியாக ஒருவரிடம் 31% வாய்ப்பில் தென்படும் என்று வைத்துக்கொண்டால், 5 பேரில் சுமார் 85% சிக்கல்கள் வெளிவந்துவிடும். அது சிக்கலைக் கண்டுபிடிக்கும் கணக்கு, வெற்றியை அளக்கும் கணக்கு அல்ல. அதிலும், பத்தில் ஒருவருக்கு மட்டும் வரும் சிக்கல் என்றால் 5 பேரில் அது தென்படும் வாய்ப்பு 40% அளவுதான். 5 பேரும் ஒரே மாதிரி ஆட்களாக இருந்தால், வேறு மாதிரி ஆட்களின் சிக்கல் வெளியே வராமலே போகலாம்.

அப்புறம் அந்த ‘82%’. எஸ்.யு.எஸ். என்பது ஒன்றைப் பயன்படுத்த எவ்வளவு எளிது என்று அளக்க ஜான் ப்ரூக் 1986-இல் உருவாக்கிய 10 வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை பதில். ஒற்றைப்படை வாக்கியங்களில் பதிலிலிருந்து 1-ஐக் கழித்து, இரட்டைப்படையில் 5-லிருந்து பதிலைக் கழித்து, எல்லாவற்றையும் கூட்டி 2.5-ஆல் பெருக்க வேண்டும். 0 முதல் 100 வரை வரும், ஆனால் அது சதவீதம் இல்லை. சராசரி 68 அளவில் நிற்கும். ஆகவே 68 வாங்கியது ‘முதல் வகுப்பு’ அல்ல, நடுத்தரம். பக்கத்தில் % குறி போட்டவர், எங்கிருந்தோ ஒரு படிவத்தை எடுத்து நிரப்பியிருக்கிறார் என்றே நான் எடுத்துக்கொள்வேன். பதில் சொன்ன 5 பேர் யார் என்று தேடினேன். ‘நண்பர்களும் உறவினர்களும்’ என்று ஓரத்தில் இருக்கிறது. நண்பன் செய்த ஆப்புக்கு யார் குறைத்துப் போடுவார்கள்?

இதே ஐந்து பேரை வைத்து அவர் நேர்மையாக எழுதியிருக்கலாம்: ‘பழைய டிசைனில் 5 பேரில் 3 பேர் நுகர்வோர் எண் கேட்கும் திரையில் நின்றார்கள். எண் எது என்று தெரியாமல் ஆப்பை மூடிவிட்டுப் பழைய பில்லைத் தேடினார்கள். பில்லில் எண் இருக்கும் இடத்தைக் காட்டும் படத்தை அந்தத் திரையிலேயே வைத்தோம். அடுத்த 5 பேரில் ஒருவர் மட்டும் நின்றார்; அவருக்குக் கண்ணாடி இல்லாமல் படத்திலுள்ள எழுத்து தெரியவில்லை. அதைப் பெரிதாக்கினோம், மறுபடி சோதிக்கவில்லை.’ இதில் ஒரு சதவீதம்கூட இல்லை. ஆனாலும் எனக்கு இவர்தான் வேண்டும். எங்கே நின்றார்கள், ஏன் நின்றார்கள், எது மாறியது, எதைச் செய்யவில்லை எல்லாம் இதில் இருக்கிறது.

வெளியீட்டுக்குப் பிறகான எண்ணையும் அப்படியே விழுங்காதீர்கள். ‘புதிய செக்அவுட் பக்கத்தால் விற்பனை 20% கூடியது’ என்றால், அது எந்த மாதம் வெளியானது என்று கேளுங்கள். அக்டோபர் என்றால் தீபாவளித் தள்ளுபடியும் அதே நேரம் ஓடியிருக்கும். பழைய பக்கத்தையும் புதிய பக்கத்தையும் ஒரே சமயத்தில் பாதிப் பாதிப் பேருக்குக் காட்டி ஒப்பிட்டிருந்தால் பேசலாம்.

இவரை நேர்காணலுக்குக் கூப்பிடலாம். சதவீதத்தை விட்டுவிட்டு, முடிக்காமல் போனவர்களைப் பற்றி மட்டும் கேளுங்கள். நினைவிலிருந்து விவரமாகச் சொன்னால், ஆள் நல்லவர், ரெஸ்யூமே எழுதச் சொல்லிக்கொடுத்தவர்தான் சரியில்லை.

நான்கு வருட வேலை முழுக்க என்.டி.ஏ. என்ற ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் இருக்கிறது. காட்ட ஒன்றுமில்லை. என்ன செய்ய? – டிசைனர், ஹைதராபாத்

திரைகளைத்தான் காட்ட முடியாது. என்.டி.ஏ.யை ஒருமுறை முழுதாகப் படியுங்கள். பலர் படிக்காமலே பயப்படுகிறார்கள். பெரும்பாலும் நிறுவனப் பெயர், எண்கள், திரைகளை எடுத்துவிட்டு, ‘கிடங்கு ஊழியர்கள் பயன்படுத்தும் ஒரு கருவி’ என்ற அளவில் ஆய்வைச் சொல்ல இடம் இருக்கும். ஏன் சர்வே எடுக்காமல் கிடங்கில் போய் நின்று பார்த்தீர்கள், கையுறை போட்ட கைக்குத் திரையில் என்ன மாற்ற வேண்டியிருந்தது என்று எழுதுங்கள். சந்தேகமிருந்தால் பழைய மேலாளரிடம் எழுத்தில் கேட்டுவிடுங்கள். ஒப்பந்தத்தை மீறி எல்லாவற்றையும் திறந்து காட்டுபவரை நான் எடுக்க மாட்டேன். நாளைக்கு எங்கள் வேலையையும் அப்படித்தான் காட்டுவார்.

கோர்ஸ் முடித்தேன், கிளையன்ட் இல்லை. ஒரு பிரபலமான உணவு டெலிவரி ஆப்பை ரீடிசைன் செய்து போடலாமா? – மாணவி, மதுரை

வேண்டாம். ஏற்கெனவே ஆயிரம் பேர் செய்துவிட்டார்கள். அந்த நிறுவனம் ஏன் அப்படி வைத்திருக்கிறது என்று உங்களுக்குத் தெரிய வழியும் இல்லை. உங்களால் நேரில் போய்ப் பார்க்கக்கூடிய சின்னதை எடுங்கள். கல்லூரி நூலகத்தின் தேடல் பக்கம் போதும். மெனு குழப்பமாக இருந்தால் தலைப்புகளைச் சீட்டில் எழுதி 15 பேரிடம் கொடுத்து, அவர்கள் போக்கில் பிரிக்கச் சொல்லுங்கள். அதுதான் கார்டு சார்ட்டிங், காசு செலவில்லை. 15 பேரும் உங்கள் வகுப்புத் தோழிகள் என்றால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள். எது மாறியது என்று காட்டுங்கள்.

டூல் பெயர்களே போடக் கூடாதா? வடிகட்டும் மென்பொருள் தள்ளிவிடாதா?

போடுங்கள். ஒரே வரியில், கடைசியில், பட்டை இல்லாமல்.

கேஸ் ஸ்டடி முழுக்க ‘நாங்கள், நாங்கள்’ என்று இருக்கிறது. குறையா?

குழுவேலை என்றால் அப்படித்தான் இருக்கும். ஆனால் நேர்காணலை நடத்தியது யார், குறிப்புகளைத் தொகுத்தது யார் என்று ஓர் இடத்திலாவது பிரித்துச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாவிட்டால் கேளுங்கள். ‘ரிசர்ச் டீம் செய்தது, நான் அறிக்கை படித்தேன்’ என்பதும் நேர்மையான பதில்தான். அதற்கேற்ற வேலை கொடுக்கலாம்.

ஒருவரின் திரைகள் அபார அழகு. ஒரு யூசபிலிட்டி டெஸ்ட்கூட இல்லை. நிராகரிக்கவா?

உங்களிடம் ஏற்கெனவே ரிசர்ச் செய்ய ஆள் இருந்தால் விடாதீர்கள், விஷுவல் டிசைனராக எடுங்கள். இவர்தான் உங்கள் ஒரே டிசைனர் என்றால் வேண்டாம்.