சிஸ்டம் நிறுத்த அறிவிப்பு மெயிலை எப்படித் திருத்தி எழுதுவது?

*“‘டேட்டாபேஸ் அப்கிரேட் காரணமாக சனி நள்ளிரவு 12 மணி முதல் செலவுக் கணக்கு சிஸ்டம் இயங்காது. சிரமத்துக்கு வருந்துகிறோம்’ என்று மெயில் அனுப்பினோம். இருந்தும் ஹெல்ப்டெஸ்க்குக்கு ஒரே ஃபோன். என்ன மாற்றணும்?”*

முதல் சிக்கல் ‘சனி நள்ளிரவு 12’. வெள்ளி முடிந்து சனி பிறக்கும் நேரமா, சனி முடிந்து ஞாயிறு பிறக்கும் நேரமா? பாதிப் பேர் ஒருவிதமாகவும் மீதிப் பேர் வேறுவிதமாகவும் புரிந்துகொள்வார்கள். நான் 12 மணியைத் தொடவே மாட்டேன். இரவு 11 என்று தேதியோடும் கிழமையோடும் எழுதிவிடுவேன். முடியும் நேரம் உங்கள் மெயிலில் இல்லவே இல்லை. வேலைக்கு நான்கு மணி நேரம் ஆகும், சொதப்பினால் பழைய நிலைக்குத் திருப்ப இரண்டு மணி நேரம் ஆகும் என்றால், ஆறு மணி நேரம் என்றே அறிவியுங்கள். சீக்கிரம் முடிந்தால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

அடுத்தது பாதிப்பு. டேட்டாபேஸ் உங்கள் கவலை. பில் போடுகிறவருக்குத் தன் பில் என்னாகும் என்பதுதான் கவலை. அவர் அந்த நேரத்தில் தொடக்கூடிய ஒவ்வொரு வேலையையும் யோசித்துப் பாருங்கள்: புது பில், பாதியில் விட்ட படிவம், மேலாளருக்குப் போகும் ஒப்புதல் லிங்க். அந்த மாத பில்களைச் சமர்ப்பிக்கும் கடைசித் தேதி அந்த ஞாயிறிலேயே விழுந்தால் அதுதான் பெரிய பாதிப்பு. மாற்று வழியும் அங்கேதான் இருக்கிறது: கணக்குப் பிரிவிடம் முன்கூட்டியே பேசிக் கெடுவை ஒரு நாள் தள்ளி வாங்குங்கள். அவர்கள் சம்மதிக்கும் முன் மெயிலில் போட வேண்டாம்.

நானாக இருந்தால் இப்படி எழுதுவேன்:

> தலைப்பு: செலவுக் கணக்கு சிஸ்டம் இயங்காது: ஜூன் 14 சனி இரவு 11 – ஜூன் 15 ஞாயிறு காலை 5
>
> இந்த ஆறு மணி நேரம் பில் சமர்ப்பிக்கவோ ஒப்புதல் தரவோ முடியாது. மெயிலில் வந்த ஒப்புதல் லிங்க்கும் திறக்காது; காலை 5 மணிக்குப் பிறகு அதே லிங்க் வேலை செய்யும். ஏற்கெனவே சமர்ப்பித்த பில்களுக்கு ஒன்றும் ஆகாது.
>
> நீங்கள் செய்ய வேண்டியது: பாதியில் இருக்கும் படிவத்தைச் சனி இரவு 10:45-க்குள் சேமித்துவிடுங்கள். சேமிக்காதது அழிந்துவிடும்.
>
> கடைசித் தேதி: ஜூன் 15 ஞாயிறிலிருந்து ஜூன் 16 திங்கள் மாலை 6 மணிக்கு மாற்றப்பட்டுள்ளது.
>
> காரணம்: டேட்டாபேஸ் மேம்படுத்தல். ஞாயிறு காலை 5 மணிக்கு, வேலை முடிந்தாலும் முடியாவிட்டாலும், நிலைமையைச் சொல்லி மெயில் வரும்.

காரணம் கடைசியில் ஒரே வரி, அது போதும்.

அனுப்பும் முன், உங்கள் டீமில் இல்லாத ஒருவரிடம் கொடுத்து, ‘சனி இரவு 10 மணிக்கு உங்களிடம் ஒரு பில் இருக்கிறது, என்ன செய்வீர்கள்?’ என்று கேளுங்கள். தயங்கினால் அந்த வரியைத் திருத்துங்கள். மெயிலில் சொன்ன ‘அதே லிங்க் வேலை செய்யும்’, ‘சமர்ப்பித்த பில்களுக்கு ஒன்றும் ஆகாது’ போன்ற வாக்குறுதிகளை டெஸ்ட் சிஸ்டத்தில் ஒருமுறை செய்தும் பாருங்கள்.

ஒருவேளை நிறுத்தப்போவது லாகின் சர்வர் என்றால், சிஸ்டம் இயங்குகிறதா என்று காட்டும் நிலவரப் பக்கம் லாகின் இல்லாமல் திறக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.