ஃப்ளஷ் டேங்க் பட்டன் சிக்கினால், கைப்பிடி உடைந்தால்: கேள்வி பதில்

தாம்பரத்திலிருந்து ஒரு வாசகி: ஐயா, எங்கள் ஃப்ளஷ் டேங்கின் மேலே இரண்டு பாதியாக உள்ள பட்டனில் பெரியதை அழுத்தினால் சில சமயம் எழும்பாமல் நின்றுவிடுகிறது, தண்ணீர் ஒழுகிக்கொண்டே இருக்கிறது. புதிய பட்டன் வாங்கினால் போதுமா?

கடைக்குப் போவதற்கு முன் சிக்கியிருப்பது எது என்று பார்த்துவிடுங்கள். மூடியில் உள்ள பட்டன், அதன் அடியில் தொங்கும் பிளாஸ்டிக் தண்டுகள், டேங்குக்குள் நிற்கும் வால்வு ஆகிய மூன்றும் வேறு வேறு பொருள்கள். பழுது ஒன்றில் இருக்க, மாற்றப்படுவது பெரும்பாலும் இன்னொன்றாக இருக்கிறது.

முதலில் டேங்கின் கீழே சுவரோரம் இருக்கும் ஆங்கிள் காக்கை மூடுங்கள். பிறகு மூடியை இரு கைகளாலும் நேராகத் தூக்கிப் பாருங்கள். வரவில்லை என்றால் இழுக்காதீர்கள். சில டேங்குகளில் பட்டனைச் சுற்றியுள்ள வளையம்தான் மூடியைப் பிடித்திருக்கும், அதை இடப்பக்கமாகச் சுழற்றிக் கழற்றிய பிறகே மூடி வரும். எடுத்த மூடியை வெறும் தரையில் வைக்காமல் ஒரு மிதியடியின் மேல் வையுங்கள். பீங்கான் மூடி விரிசல் விட்டால் அது மட்டும் தனியாகக் கிடைப்பது கடினம்.

இப்போது வால்வின் தலையில் உள்ள இரண்டு அழுத்துமுனைகளையும் விரலால் அழுத்திவிடுங்கள். அவை உடனே மேலே வந்தால் வால்வில் குறை இல்லை. அடுத்து மூடியைக் கையில் பிடித்துக்கொண்டு பட்டனை மட்டும் அழுத்துங்கள். அதுவும் துள்ளி எழுந்தால் பட்டனும் நன்றாகவே இருக்கிறது. இரண்டில் எது தயங்குகிறதோ அதுதான் மாற்ற வேண்டியது.

அதே வாசகி, மறுநாள்: நீங்கள் சொன்னபடி செய்தேன், தனித்தனியாக இரண்டும் நன்றாக வேலை செய்கின்றன. மூடியைப் போட்டதும் மறுபடி ஒழுகுகிறது. போன மாதம்தான் பிளம்பர் உள்ளே இருந்த செட்டை மாற்றினார்.

அப்படியானால் எதையும் வாங்க வேண்டாம். தண்டு நீளமாக இருக்கிறது, அல்லது மூடி சற்று நகர்ந்து உட்கார்ந்திருக்கிறது. தண்டு ஓரிரு மில்லிமீட்டர் கூடுதலாக இருந்தாலே, யாரும் அழுத்தாதபோதும் அது வால்வின் தலையை லேசாக அமுக்கியபடி இருக்கும். அடியில் உள்ள ரப்பர் வாஷர் முழுதாக உட்காராமல் தண்ணீர் கசியும்.

என் அக்கா வீட்டில் இதே குறைக்கு இரண்டு முறை வால்வு மாற்றப்பட்டது, குறை தீரவில்லை. மூடியைப் போட்ட பிறகு உள்ளே என்ன நடக்கிறது என்று கண்ணால் பார்க்க வழியில்லை என்பதால், சப்பாத்தி மாவில் நெல்லிக்காய் அளவு எடுத்து, வால்வின் தலையில் இரண்டு அழுத்துமுனைகளின் மேலும் ஒட்டினேன். மூடியை மெதுவாக இறக்கி, பட்டனைத் தொடாமல், மறுபடி நேராகத் தூக்கினேன். சின்ன பட்டனின் பக்கம் தண்டு பதிந்த குழியின் அடியில் மூன்று மில்லிமீட்டர் அளவுக்கு மாவு மிச்சமிருந்தது. பெரிய பட்டனின் பக்கம் தண்டு மாவை அடிவரை துளைத்து, வெள்ளைப் பிளாஸ்டிக் தெரிந்தது. அந்தத் தண்டை இரண்டு சுற்று உள்ளே திருகி மறுபடி மாவு வைத்துப் பார்த்தபோது அங்கும் இரண்டு மில்லிமீட்டர் மிச்சம் வந்தது. கசிவு அன்றே நின்றது.

நீங்களும் இரண்டு பக்கமும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளி வரும்படி தண்டைத் திருகுங்கள். முழுவதும் திருகியும் நீளமாக இருந்தால் நுனியை ஹேக்ஸா பிளேடால் கொஞ்சம் கொஞ்சமாக அறுக்கலாம். ஒரேயடியாக அறுத்துவிட்டால் திரும்ப ஒட்ட முடியாது. இடைவெளி மிகவும் கூடினால் எதிர்மாறான தொல்லை வரும்: பட்டன் அடிவரை போனாலும் வால்வு அரைகுறையாகத்தான் திறக்கும். வேலை முடிந்ததும் மாவைத் துளி விடாமல் துடைத்தெடுங்கள், வாஷரின் கீழே போய் ஒட்டினால் அதுவே கசிவாகும்.

மதுரையிலிருந்து ஒரு வாசகர்: எங்கள் வீட்டில் போர் தண்ணீர், பட்டனில் உப்பு பூத்து இறுகிவிட்டது. தேங்காய் எண்ணெய் விட்டேன், வழுக்கிக்கொண்டு வேலை செய்கிறது. இதற்கு ஏன் இவ்வளவு விளக்கம்?

காரணம் உப்புதான் என்று நீங்கள் கண்டுபிடித்தது சரி. ஆனால் எண்ணெய் உப்பைக் கரைப்பதில்லை, அதன் மேல் வழுக்குகிறது. சில வாரங்களில் தூசியும் சேர்ந்து பழையபடி இறுகும். அந்த எண்ணெய் சொட்டிக் கீழே வாஷரில் பட்டால் ரப்பர் ஊதிப்போக வாய்ப்புண்டு. வாஸ்லினும் கிரீஸும் அதைவிட மோசம்.

பட்டனைக் கழற்றி ஒரு கிண்ணம் வினிகரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ ஒரு மணி நேரம் ஊறவிட்டு, பழைய பல் துலக்கும் பிரஷால் வளையத்தின் இடுக்கைத் தேய்த்துக் கழுவுங்கள். பூச வேண்டும் என்றால் சிலிக்கான் கிரீஸ் பூசுங்கள். கழிப்பறை கழுவும் ஆசிட்டை டேங்குக்குள் ஊற்றவே கூடாது, அது ரப்பரையும் போல்ட்டையும் சேர்த்து அரிக்கும். ஏற்கெனவே பிளீச்சிங் பவுடர் போட்ட இடமாக இருந்தால் ஆசிட்டோடு சேர்ந்து குளோரின் வாயு கிளம்பும், சிறிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. ஊறவைத்த பிறகும் பட்டன் எழும்பவில்லை என்றால் உள்ளிருக்கும் ஸ்பிரிங் துருப்பிடித்திருக்கும். அப்போது பட்டனை மாற்றத்தான் வேண்டும்.

கோயம்புத்தூரிலிருந்து: எங்களுடையது சுவரில் மாட்டிய பழைய பிளாஸ்டிக் டேங்க். பக்கவாட்டுக் கைப்பிடியை நான்கைந்து முறை அழுத்தினால்தான் தண்ணீர் வருகிறது. கைப்பிடியை மாற்றிவிட்டேன், பயனில்லை.

இந்த வகை டேங்கில் வால்வு இல்லை, சைபன் இருக்கிறது. கைப்பிடி ஒரு கொக்கியை இழுக்கிறது. கொக்கி சைபனுக்குள் இருக்கும் துளையிட்ட தட்டைத் தூக்குகிறது. அந்தத் தட்டின் மேல் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாள் படிந்திருக்கும், அது துளைகளை அடைத்துக்கொள்வதால்தான் தட்டோடு தண்ணீரும் மேலேறி வளைவைத் தாண்டி விழுகிறது. முதல் வீச்சு தாண்டிவிட்டால் மீதித் தண்ணீரைச் சைபனே இழுத்துக்கொள்ளும். தாள் கிழிந்தால் தூக்கிய தண்ணீர் துளை வழியே நழுவிவிடும், எனவே வேகமாகப் பலமுறை அழுத்த வேண்டியிருக்கிறது.

கைப்பிடியின் நிலையைக் கொண்டே குறையை ஓரளவு சொல்லிவிடலாம். எந்தத் தடையும் இல்லாமல் தொளதொளவென்று ஆடினால் கொக்கி கழன்றிருக்கும் அல்லது ஒடிந்திருக்கும். வழக்கம்போல் இயங்கியும் தண்ணீர் தாண்டவில்லை என்றால் தாள்தான். ஆனால் அதற்கு முன் தண்ணீர் மட்டத்தையும் பார்த்துவிடுங்கள். மிதவை தாழ்ந்திருந்து, டேங்கில் குறித்த கோட்டுக்குக் கீழேயே தண்ணீர் நின்றால் நல்ல சைபனும் இப்படித்தான் தடுமாறும்.

தாளை மாற்ற, ஆங்கிள் காக்கை மூடித் தண்ணீரை வெளியேற்றி, அடியில் தங்கியதை ஸ்பாஞ்சால் ஒற்றியெடுங்கள். டேங்குக்குக் கீழே ஃப்ளஷ் குழாயின் நட்டையும், அதற்கு மேலே சைபனைப் பிடித்திருக்கும் பெரிய நட்டையும் கழற்றினால் சைபன் மேலே வந்துவிடும். கீழே ஒரு வாளி இருக்கட்டும், எவ்வளவு ஒற்றியெடுத்தாலும் கொஞ்சம் கொட்டும். புதிய தாள் கிடைக்காவிட்டால் பழையதை அச்சாக வைத்துத் தடித்த பாலித்தீனில் வெட்டிப் போடலாம், அது பல காலம் உழைத்ததைப் பார்த்திருக்கிறேன். சைபனின் உடலே விரிசல் விட்டிருந்தால் முழுதாக மாற்றுங்கள். பிளாஸ்டிக் நட்டைக் கையால் இறுக்கி, பிறகு கால் சுற்றுக்கு மேல் ஸ்பேனரைப் பயன்படுத்தாதீர்கள்.

நாகர்கோவிலிலிருந்து: பட்டனை அழுத்தினால் தண்ணீரே வருவதில்லை. டேங்க் நிரம்ப ஒரு மணி நேரம் ஆகிறது. எந்தப் பட்டன் வாங்க வேண்டும்?

பட்டனுக்கும் இதற்கும் தொடர்பில்லை. தண்ணீரை உள்ளே விடும் மிதவை வால்வின் வாயில் இருக்கும் சிறு வடிகட்டியில் மணலோ உப்போ அடைத்திருக்கும். ஆங்கிள் காக்கை மூடி, இணைப்புக் குழாயைக் கழற்றி, அந்த வடிகட்டியைக் கழுவிப் போடுங்கள்.

திருச்சியிலிருந்து ஒரு வாசகர்: உள்ளே வால்வே உடைந்துவிட்டது. மாற்றுவதற்கு டேங்கையே கம்மோடிலிருந்து கழற்ற வேண்டும் என்கிறார் பிளம்பர். அவர் சொல்வது உண்மையா? எந்த அளவு வாங்குவது?

பல நேரங்களில் தேவையில்லை. இரட்டைப் பட்டன் வால்வுகளில் பெரும்பாலானவை இரண்டு பகுதிகளாக இருக்கும்: டேங்கின் அடியில் இறுக்கப்பட்ட அடித்தளம், அதன் மேல் பூட்டிய நடுத்தூண். தூணைக் கையால் பிடித்து இடப்பக்கம் கால் சுற்று திருப்பினால் பூட்டு விட்டு மேலே வந்துவிடும். அதே மாதிரி கிடைத்தால் புதிய தூணை அந்த அடித்தளத்திலேயே பூட்டிவிடலாம். தூண் நன்றாக இருந்து வாஷர் மட்டும் தேய்ந்திருந்தால் வாஷரே போதும்.

மாதிரி கிடைக்காமல் பொது செட் வாங்கினால் அடித்தளத்தையும் மாற்ற வேண்டும். டேங்கும் கம்மோடும் தனித்தனியாக இருந்தால் அந்த நட்டு இரண்டுக்கும் நடுவே இருக்கும், அப்போது பிளம்பர் சொல்வது சரி. டேங்கை இறக்கினால் நடுவில் உள்ள தடித்த ரப்பர் வளையத்தையும் கையோடு மாற்றிவிடுங்கள். பழையது நசுங்கிய வடிவத்திலேயே இறுகியிருக்கும், மறுபடி வைத்தால் கசியும்.

அளவு சொல்லி வாங்காதீர்கள், பழைய தூணையே கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். கூடவே டேங்கின் உள் உயரத்தையும் மூடியில் உள்ள துளையின் விட்டத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். பொருத்திய பிறகு, நிரம்பி வழிவதற்கான குழாயின் வாய் தண்ணீர் மட்டத்தைவிட இரண்டு மூன்று சென்டிமீட்டர் உயரமாக இருக்க வேண்டும்.

அதே வாசகர்: மாற்றிய பிறகும் கம்மோடுக்குள் மெல்லியதாக ஒரு நீர்க்கோடு இறங்குகிறது. வால்வு மோசமா, மிதவை மோசமா?

டேங்க் நிரம்பியதும் ஆங்கிள் காக்கை மூடிவிட்டு, உட்சுவரில் தண்ணீர் மட்டத்துக்கு ஒரு பென்சில் கோடு போடுங்கள். அரை மணி நேரம் கழித்து மட்டம் கோட்டைவிட இறங்கி, வழிகுழாயின் வாய்க்கும் கீழே போயிருந்தால் வாஷர் வழியே கசிகிறது. அடித்தளத்தின் விளிம்பில் உப்பு ஒட்டியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள், மணல் போல் நெருடும். மட்டம் அசையாமலும் நீர்க்கோடு நின்றும் இருந்தால், மிதவை மூடாமல் தண்ணீர் வழிகுழாயில் போய்க்கொண்டிருந்தது என்று பொருள், மிதவையைத் தாழ்த்துங்கள்.

சேலத்திலிருந்து: சுவருக்குள் புதைத்த டேங்க், முகப்புத் தகட்டில் பட்டன் சிக்கியிருக்கிறது. சுவரை உடைக்க வேண்டுமா?

தகட்டைக் கழற்றினால் அதன் பின்னால் இருக்கும் திறப்பு வழியாகவே வால்வை வெளியே எடுக்கும்படிதான் இவை அமைக்கப்படுகின்றன, எனவே உடைக்கக் கூடாது. தகடு பெரும்பாலும் மேல்நோக்கித் தள்ளினால் கழலும், சிலவற்றில் திருகு இருக்கும். சிக்கல் உதிரி பாகத்தில்தான்: அந்த மாதிரியின் பாகமே வேண்டும், பொது செட் அதில் பொருந்தாது. அது தயாரிப்பிலேயே இல்லாமல் போயிருந்தால் என்ன செய்வது என்பதற்கு எல்லா வீட்டுக்கும் பொருந்தும் பதில் என்னிடம் இல்லை. தகட்டுக்குப் பின்னால் உள்ள எழுத்துகளையும் எண்ணையும் படமெடுத்து அனுப்புங்கள், அதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.