48 ரூபாயும் 62 ரூபாயும்: சமுதாயக் கூடத் தரைக்கு விலைப்புள்ளி கேட்கும் முறை

கேள்வி: ஐயா, நான் பெங்களூரு அல்சூரில் வசிக்கிறேன். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் உள்ள எங்கள் ஊரில் சிறிய சமுதாயக் கூடம் ஒன்று கட்டி முடியும் நிலையில் இருக்கிறது. ஊர்க் கமிட்டியில் நானும் ஓர் உறுப்பினர். தரைக்கு டைல்ஸ் விலையை இங்கேயே விசாரித்து வரச் சொன்னார்கள். கூடம் 36 அடி நீளம், 22 அடி அகலம். ஒரு கடையில் சதுர அடி 48 ரூபாய் என்றார்கள், இன்னொரு கடையில் 62 என்றார்கள். இரண்டுமே 2க்கு 2 டைல்ஸ்தான். இப்போது கமிட்டியில் எழுத்து மூலமாகக் கொட்டேஷன் வேண்டும் என்கிறார்கள். கடைக்காரருக்குக் கடிதம் எப்படி எழுத வேண்டும்?
— ஊர்க் கமிட்டி உறுப்பினர், பெங்களூரு

பதில்: அன்புள்ள நண்பருக்கு, வணக்கம். அந்த இரண்டு விலைகளையும் இப்போதைக்கு ஒப்பிடாதீர்கள். கடைக்காரர்கள் இருவரும் ஒரே பொருளுக்கு, ஒரே அளவுக்கு, ஒரே இடத்தில் கொண்டுவந்து இறக்கும் விலையைச் சொன்னார்களா என்பது உங்களுக்குத் தெரியாது. தொலைபேசியில் கேட்கும்போது அது தெரியவும் வராது. எல்லாக் கடைகளும் ஒரே கேள்விக்குப் பதில் சொல்லும்படி செய்வதுதான் கடிதத்தின் வேலை. ஆகவே கடிதம் எழுதுவதற்கு முன்னால், நீங்கள் கேட்கப்போகும் அளவை நீங்களே கணக்கிட்டுக்கொள்ள வேண்டும்.

முதலில் "2க்கு 2" என்ற சொல்லைக் கவனியுங்கள். கடைகளில் அப்படி அழைக்கப்படும் டைல்ஸின் உண்மையான அளவு 600 மில்லிமீட்டருக்கு 600 மில்லிமீட்டர். அது முழு 2 அடி இல்லை, 23.6 அங்குலம்தான். ஒரு டைல்ஸின் பரப்பு 4 சதுர அடிக்குப் பதிலாக ஏறக்குறைய 3.87 சதுர அடியாகிறது. பெட்டிக்கு 4 டைல்ஸ் வருமானால், அந்தப் பெட்டி மூடுவது 15.5 சதுர அடி. சில கடைகளில் இதை 16 என்று கணக்குப் போட்டு விற்பார்கள். ஒரு பெட்டியில் அரை சதுர அடி சிறிதாகத் தோன்றும். 60 பெட்டியில் அது 30 சதுர அடியாகிவிடும், அதாவது ஏறக்குறைய 2 பெட்டி.

இப்போது உங்கள் கூடத்துக்கு வருவோம். பூச்சு முடிந்த பிறகு உட்புறச் சுவரிலிருந்து சுவர் வரை எடுத்த அளவு 36க்கு 22 தான் என்றால், தரைப் பரப்பு 792 சதுர அடி. சுவரின் அடியில் 4 அங்குல உயரத்துக்கு ஸ்கர்ட்டிங் ஒட்டுவீர்கள் அல்லவா, அதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். நான்கு சுவரின் சுற்றளவு 116 அடி. வாசல்கள் சேர்ந்து 9 அடி போனால் மீதி 107 அடி. அதற்குச் சுமார் 36 சதுர அடி தேவைப்படும். இரண்டும் சேர்ந்து 828. நேராகப் பதிக்கும் செவ்வகக் கூடத்துக்கு வெட்டுச் சேதாரம் 5 சதவீதம் போதுமானது. ஆக 870 சதுர அடி என்று வைத்துக்கொள்ளலாம். பெட்டிக்கு 15.5 என்றால் 57 பெட்டி வருகிறது. அதன் மேல் 3 பெட்டியைக் கூடத்தின் அலமாரியிலேயே வைத்துக்கொள்ள வாங்குங்கள். கடிதத்தில் நீங்கள் எழுத வேண்டிய எண்ணிக்கை 60 பெட்டி.

அந்த 3 பெட்டியை வீண் செலவு என்று கமிட்டியில் யாராவது சொன்னால், அருள்கூர்ந்து விட்டுக்கொடுக்காதீர்கள். பெங்களூரில் நான் என் வீட்டுக் கூடத்துக்கு டைல்ஸ் போட்டபோது, கணக்காக வாங்கி, கடைசியில் 4 பெட்டி குறைந்தது. 20 நாள் கழித்து அதே கடையில், அதே பெயரில், அதே எண்ணில் கேட்டு வாங்கி வந்தேன். பதிக்கும்போது எந்த வேறுபாடும் தெரியவில்லை. மாலையில் மேற்கு ஜன்னல் வழியாக வெயில் சாய்ந்து விழும்போது, அந்தக் கடைசி இரண்டு வரிசை மட்டும் லேசாக மஞ்சள் கலந்து தெரிந்தது. பெட்டிகளை எடுத்துப் பார்த்தபோதுதான் ஷேடு எண் வேறு என்று கண்டேன். ஒவ்வொரு முறை சூளையில் சுட்டு எடுக்கும்போதும் நிறம் சிறிது மாறும் என்பதால், உற்பத்தியாளர்கள் பெட்டியின் மேல் ஷேடு அல்லது பேட்ச் எண்ணை அச்சிடுகிறார்கள். எல்லாப் பெட்டிகளும் ஒரே எண்ணாக இருக்க வேண்டும் என்று கடிதத்திலேயே கேட்டுவிட்டால், பிறகு வாதாட இடம் இருக்கும்.

அடுத்தது வகை. ஊர்க் கூடத்தில் கல்யாணச் சாப்பாடு நடக்கும், தண்ணீர் சிந்தும், அண்டாவைத் தரையில் இழுப்பார்கள், இரும்பு நாற்காலியைத் தள்ளுவார்கள். பளபளப்பான டைல்ஸ் ஈரத்தில் வழுக்கும். வயதானவர்களும் பந்தி பரிமாறுபவர்களும் விழுவார்கள். ஆகவே மேட் ஃபினிஷ் விட்ரிஃபைடு டைல்ஸ், கனம் 9 மில்லிமீட்டருக்குக் குறையாதது, முதல் தரம் என்று எழுதுங்கள். "டைல்ஸ்" என்று மட்டும் எழுதினால், ஒரு கடைக்காரர் சுவருக்கான செராமிக்கை மனத்தில் வைத்து விலை சொல்வார், இன்னொருவர் விட்ரிஃபைடை வைத்துச் சொல்வார். நீர் உறிஞ்சும் அளவு 0.5 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்ற ஒரு வரியையும் சேர்த்தால் இந்தக் குழப்பம் தீரும். அது பெட்டியிலோ உற்பத்தியாளரின் விவரத் தாளிலோ இருக்கும், IS 15622 என்ற இந்தியத் தர எண்ணும் அங்கே காணப்படலாம். அவ்வளவு குறைவாக நீர் உறிஞ்சும் டைல்ஸ் வெறும் சிமெண்ட் கலவையில் நன்றாகப் பிடிக்காது, நாளடைவில் தட்டிப் பார்த்தால் வெற்றொலி வரும். ஆகவே டைல்ஸ் ஒட்டும் பசைக்கும் தனி வரியில் விலை கேளுங்கள். ஒரு மூட்டை எத்தனை சதுர அடிக்கு வரும் என்பதைக் கடைக்காரரே எழுதட்டும்.

இனி விலையை எப்படிக் கேட்பது என்பது. சதுர அடி விலையைக் கேட்காமல், பெட்டி விலையையும், வரி, வண்டி, இறக்கு கூலி எல்லாம் சேர்த்து உங்கள் ஊரில் இறக்கிய மொத்தத் தொகையையும் கேளுங்கள் என்பதே என் முடிவான கருத்து. காரணத்தை உங்கள் இரண்டு விலைகளிலேயே பாருங்கள். 48 ரூபாய் சொன்னவர் பெட்டிக்கு 16 சதுர அடி என்று கணக்கிட்டு, வரி தனி, வண்டி தனி என்ற நினைப்பில் சொன்னதாக வைத்துக்கொள்வோம். 60 பெட்டிக்கு 46,080 ரூபாய். டைல்ஸுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்தால் 54,374. நீங்களே அமர்த்தும் வண்டிக்கு 5,000, பெட்டிக்கு 20 ரூபாய் வீதம் இறக்கு கூலி 1,200 என்று கொண்டால், 60,574 ரூபாய் ஆகிறது. 62 ரூபாய் சொன்னவர் 15.5 என்று சரியாகக் கணக்கிட்டு, எல்லாம் அடக்கம் என்று சொன்னவரானால், அவரிடம் மொத்தமே 57,660 ரூபாய்தான். வண்டி வாடகையும் கூலியும் நான் எடுத்துக்காட்டுக்காக வைத்தவை. ஆனால் 48 ரூபாய்க்காரரிடம் சுமார் 2,900 ரூபாய் அதிகம் கொடுக்க நேரலாம் என்பது இதிலிருந்து தெரிகிறது. கமிட்டிக்கு ஜிஎஸ்டி பதிவு இருக்காது என்பதால், கட்டிய வரியை எங்கேயும் திரும்ப எடுக்க முடியாது. அது முழுச் செலவு.

வண்டியைப் பற்றி ஒரு சொல். 9 மில்லிமீட்டர் கனத்தில் இந்த அளவுப் பெட்டி ஒன்று ஏறக்குறைய 30 கிலோ இருக்கும். 60 பெட்டி 1.8 டன். சின்ன வண்டி ஒன்றில் ஏற்றிவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கர்நாடகத்திலிருந்து தமிழ்நாட்டுக்குச் சரக்கு போவதாலும், பில் தொகை 50,000 ரூபாயைத் தாண்டுவதாலும், சரக்குடன் போகும் மின்னணு அனுமதிச் சீட்டான இ-வே பில் வேண்டும். அதைக் கடைக்காரர் எடுத்துத் தர வேண்டும் என்பதையும் கடிதத்தில் எழுதிவிடுங்கள். பில்லைக் கமிட்டியின் பெயரிலும் ஊரின் முகவரியிலும் கேளுங்கள், உங்கள் அல்சூர் வீட்டு முகவரியில் அல்ல.

கடிதத்தை இப்படி அமைக்கலாம்:

*பெறுநர்: உரிமையாளர் அவர்கள், (கடையின் பெயர், முகவரி). பொருள்: சமுதாயக் கூடத் தரைக்கான டைல்ஸ் விலைப்புள்ளி கோருதல்.*

*ஐயா, எங்கள் ஊரில் கட்டப்பட்டு வரும் சமுதாயக் கூடத்தின் தரைக்கு, 600 × 600 மி.மீ. அளவும் 9 மி.மீ.க்குக் குறையாத கனமும் கொண்ட, மேட் ஃபினிஷ், முதல் தர விட்ரிஃபைடு டைல்ஸ் 60 பெட்டி (பெட்டிக்கு 4 டைல்ஸ், 15.5 சதுர அடி) தேவைப்படுகிறது. நீர் உறிஞ்சும் அளவு 0.5 சதவீதத்துக்கு மிகாமலும், எல்லாப் பெட்டிகளும் ஒரே ஷேடு எண்ணிலும் இருக்க வேண்டும். அருள்கூர்ந்து உற்பத்தியாளர் பெயர், மாடல் எண், பெட்டியின் விலை, ஜிஎஸ்டி, வண்டி வாடகை, இறக்கு கூலி ஆகியவற்றைத் தனித்தனியாகவும், எங்கள் ஊரில் இறக்கிய மொத்தத் தொகையையும் எழுதித் தரும்படி கேட்டுக்கொள்கிறோம். டைல்ஸ் பசையின் விலையையும், ஒரு மூட்டை மூடும் பரப்பையும் தனியாகக் குறிப்பிடவும். வழியில் உடைந்தவற்றை யார் ஈடு செய்வது, பிரிக்காத பெட்டிகளைத் திரும்ப எடுத்துக்கொள்வீர்களா, முன்பணம் எவ்வளவு, எத்தனை நாளில் சரக்கு வரும், இந்த விலை எத்தனை நாள் செல்லும் என்பவற்றையும் தெரிவிக்கவும். மாதிரி டைல்ஸ் ஒன்றையும் உடன் அனுப்பவும். பில், இ-வே பில் ஆகியவை கமிட்டியின் பெயரில் வழங்கப்பட வேண்டும். விலைப்புள்ளிகளைக் கமிட்டிக் கூட்டத்தில் பார்த்தே முடிவெடுக்கப்படும். இக்கடிதம் கொள்முதல் ஆணை ஆகாது.*

கீழே கமிட்டித் தலைவரும் நீங்களும் கையெழுத்திட்டு, பதில் வந்து சேர வேண்டிய தேதியைக் குறிப்பிடுங்கள். பெங்களூரில் பல கடைக்காரர்கள் நன்றாகத் தமிழ் பேசுவார்கள், ஆனால் படிக்க வராது. ஆகவே கடைக்கு ஆங்கிலத்தில் ஒரு பிரதியும், கமிட்டிக் கோப்புக்குத் தமிழில் ஒரு பிரதியும் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று கடைகளைத் தேர்ந்தெடுத்து, மூன்றுக்கும் ஒரே நாளில், ஒரு சொல்கூட மாறாமல் அனுப்புங்கள். ஒருவர் சொன்ன விலையை இன்னொருவரிடம் காட்டிக் குறைக்கக் கேட்டால், அடுத்த முறை யாரும் உங்களுக்கு உண்மையான விலையை எழுதித் தரமாட்டார்கள்.

சரக்கு வந்து இறங்கும் நாளில் ஊரில் ஒருவரை நிறுத்தி, டெலிவரி சீட்டில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், ஒவ்வொரு பெட்டியின் ஷேடு எண்ணையும் படித்து எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். ஏதேனும் பெட்டியில் எண் மாறியிருந்தால் அதை மட்டும் பிரிக்காமல் ஓரமாக வைத்து, சீட்டிலேயே குறித்து, வண்டிக்காரரிடம் கையெழுத்து வாங்கிய பிறகு அனுப்புங்கள்.