உங்கள் ஒரு மணி நேரமும் உங்கள் மனைவியின் ஒரு மணி நேரமும்

கேள்வி: என் மாதச் சம்பளம் 70,000 ரூபாய். 25 நாள், நாளுக்கு 8 மணி நேரம் என்று வகுத்தால் என் ஒரு மணி நேரத்தின் மதிப்பு 350 ரூபாய். அதனால் துணி தேய்ப்பது, கார் கழுவுவது போன்றவற்றை நான் செய்வதில்லை, காசு கொடுத்துவிடுகிறேன். பாத்திரம் துலக்க மாதம் 3,000 ரூபாய்க்கு ஆள் வைக்கலாம் என்கிறார் என் மனைவி. வீட்டிலேயே இருப்பவருக்கு அது வீண் செலவுதானே?
— ஒரு வாசகர், மடிப்பாக்கம்

பதில்: முதலில் அந்த 350 ரூபாயைச் சரிபார்த்துவிடுவோம். வருங்கால வைப்பு நிதியும் வரியும் போக உங்கள் கைக்கு வருவது 62,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வைப்பு நிதியும் என் பணம்தானே என்பீர்கள். உண்மைதான், ஆனால் இந்த மாதம் வேலையாளுக்குக் கொடுக்க அது உதவாது. அலுவலகம் போய் வர நாளுக்கு 2 மணி நேரம் ஆகுமென்றால், அதுவும் அந்தச் சம்பளத்துக்காகவே செலவாகும் நேரம். ஆக 200 மணி நேரம் 250 ஆகிறது. 62,000ஐ 250ஆல் வகுத்தால் கிடைப்பது 248 ரூபாய். நூறு ரூபாய் இங்கேயே கழன்றுவிட்டது.

இந்த 248 ரூபாயும் ஒரு சராசரிதானே தவிர, ஞாயிற்றுக்கிழமை காலையில் நீங்கள் மிச்சப்படுத்தும் அரை மணி நேரத்தின் விலை அல்ல. மாதச் சம்பளக்காரர் கார் கழுவாமல் இருந்தால், அந்த அரை மணிக்கு யாரும் 124 ரூபாய் எடுத்துக் கொடுப்பதில்லை. மாலை நெரிசல் நேரத்தில் ஆட்டோ ஓட்டுபவருக்கும், உருப்படிக்குக் கூலி வாங்கும் தையற்காரருக்கும் ஒரு மணி நேரம் விட்டுப்போனால் ஒரு மணி நேர வருமானம் போய்விடும். அவர்கள் உங்கள் முறையில் கணக்குப் போடலாம். உங்களைப் பொறுத்தவரை கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி வேறு: இந்த ஒரு மணி நேர வேலை என் தலையிலிருந்து இறங்குவதற்கு நான் எவ்வளவு வரை கொடுப்பேன்? சம்பளச் சீட்டில் இதற்கு விடை இல்லை. நீங்கள் ஏற்கெனவே கொடுத்துக்கொண்டிருக்கும் காசில் இருக்கிறது. உருப்படிக்கு 10 ரூபாய் கொடுத்து இஸ்திரிக்குப் போடுகிறீர்கள், நீங்களே தேய்த்தால் உருப்படிக்கு 6 நிமிடம் ஆகும் என்றால், மணிக்கு 10 உருப்படி; அதாவது நீங்கள் உங்கள் நேரத்தை மணிக்கு 100 ரூபாய்க்கு வாங்குகிறீர்கள். அந்த விலை உங்களுக்குக் கட்டுப்படியாகிறது என்பது மட்டுமே அதிலிருந்து தெரிகிறது.

இனி பாத்திரத்துக்கு வருவோம். காலையில் 25 நிமிடம், மாலையில் 25 நிமிடம் என்றால் மாதத்துக்கு 25 மணி நேரம்; 3,000 ரூபாயை அதனால் வகுத்தால் மணிக்கு 120 ரூபாய் என்று தோன்றும். ஆள் வைத்த வீட்டுக்காரர்களுக்குத்தான் தெரியும், கணக்கு அப்படி நிற்காது என்பது. வேலைக்கு வருபவரும் மனிதர். மாதம் 4 நாள் விடுப்பு எடுப்பார், எடுக்கவும் வேண்டும். மீதி 26 நாளிலும் எச்சிலை வழித்து, பாத்திரங்களை எடுத்துப் போட்டு, துலக்கியதைத் துடைத்து அலமாரியில் அடுக்க உங்கள் வீட்டாருக்கு 5 நிமிடமாவது பிடிக்கும். ஆகவே மிச்சமாவது நாளுக்கு 45 நிமிடம். மாதத்துக்கு 19½ மணி நேரம். தீபாவளிக்கு ஒரு மாதச் சம்பளம் கொடுப்பீர்கள் அல்லவா? அதைப் பன்னிரண்டாகப் பிரித்தால் மாதம் 250 ரூபாய் கூடும். 3,250 ரூபாயை 19½ மணி நேரத்துக்குப் பகிர்ந்தால் மணிக்கு ஏறத்தாழ 167 ரூபாய். உங்கள் 248க்கு இது குறைவு, இஸ்திரிக்குக் கொடுக்கும் 100க்கு அதிகம். இரண்டு பக்கமும் பேச இடமுள்ள விலைதான் இது. ஆனால் நீங்கள் பேசவே இல்லை. மறுபக்கத்தில், உங்கள் மனைவியின் நேரத்துக்குப் பூஜ்யத்தை எழுதி முடித்துவிட்டீர்கள்.

அந்தப் பூஜ்யத்தை நீதிமன்றங்கள் எப்போதோ அழித்துவிட்டன. 1989இல் ஜாம்ஷெட்பூரில் நடந்த தீ விபத்தில் இறந்த இல்லத்தரசிகளின் குடும்பத்துக்கு இழப்பீடு வகுத்த லதா வாத்வா வழக்கில், 2001இல் உச்ச நீதிமன்றம் ஒரு இல்லத்தரசியின் பணியை, குறைத்து மதிப்பிட்டால்கூட மாதம் 3,000 ரூபாய் என்றது. நீங்கள் பாத்திரத்துக்கு மட்டும் அதிகம் என்று தயங்கும் அதே தொகை, அன்றைய நாளில் ஒரு வீட்டின் முழு வேலைக்கும் மிகக் குறைந்த மதிப்பாக நிர்ணயிக்கப்பட்டது. 2021இல் கீர்த்தி வழக்கில் அதே நீதிமன்றம், ஊதியமில்லாத வீட்டு வேலையில் பெண்கள் நாளுக்கு 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் செலவிடுவதாகச் சொல்லும் 2019ஆம் ஆண்டின் அரசுக் கணக்கெடுப்பை எடுத்துக் காட்டியது.

ஆனாலும் நீதிமன்றத்தின் தொகையை எடுத்துவந்து உங்கள் வீட்டுக் கணக்கில் போட்டுவிட முடியாது. இழப்பீட்டில் கேட்கப்படுவது, அவர் இல்லாவிட்டால் அந்த வேலைக்கு என்ன செலவாகும் என்பது. அந்த முறையில் பார்த்தால் பாத்திரம் துலக்குவதன் மதிப்பு ஆளின் கூலியாகத்தான் வரும். கூலியைக் கூலியோடு ஒப்பிட்டால் முடிவு எதுவும் கிடைக்காது. ஆள் வைப்பதா வேண்டாமா என்பதற்குத் தேவைப்படுவது, அந்த 19½ மணி நேரம் கைக்கு வந்தால் உங்கள் மனைவி அதில் என்ன செய்வார் என்பது. அது அவருக்குத்தான் தெரியும். உங்கள் கடிதத்தில் அதைக் கேட்டதற்கான அடையாளமே இல்லை.

கேட்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். நேரம் அரிசியைப் போலப் படி படியாக அளக்கக்கூடியது அல்ல. எனக்குத் தெரிந்த ஓர் அம்மையார் வீட்டிலிருந்தபடி சேலைக்கு ஃபால்ஸ் தைத்துக் கொடுப்பவர். பாத்திரத்துக்கு ஆள் வைத்தும் ஆறு மாதத்தில் நிறுத்திவிட்டார். காரணம் கூலி இல்லை. வேலைக்கு வருபவர் ஒரு நாள் பத்தரைக்கு வருவார், ஒரு நாள் பன்னிரண்டுக்கு வருவார். எந்நேரமும் ஒரு காது அழைப்பு மணியிலேயே இருக்கும். தைக்க உட்கார்ந்தவர் நடுவில் எழுந்து கதவைத் திறக்க வேண்டும். முன்பு 25 நிமிடம் அவரே துலக்கிவிட்டால் அதன்பின் இரண்டு மணி நேரம் முழுதாகக் கிடைத்தது. பிறகு காலை ஏழரைக்குச் சரியாக வரக்கூடிய ஒருவரை, 500 ரூபாய் கூட்டிக் கொடுத்து அமர்த்தினார்; அது இன்றுவரை ஓடுகிறது. ஆகவே கூலியைப் பேசுவதற்கு முன்னால் வரும் நேரத்தைப் பேசுங்கள். உங்கள் மனைவிக்கு எந்த வேளை முழுதாக வேண்டும் என்பதை வைத்து, காலைக்கு மட்டும் ஆள் போதுமா என்றும் பாருங்கள். மாலைப் பாத்திரம் 25 நிமிடம்தான். அதைத் துலக்கக்கூடியவர் இன்னொருவரும் அந்த வீட்டில் இருக்கிறார்.

மாதம் 3,250 ரூபாய்க்கு வீட்டுச் செலவில் இடமே இல்லை என்றால் அது வேறு பேச்சு. அப்போது காரையும் துணியையும் சேர்த்தே பேச வேண்டும். இடம் இருக்கிறது, ஆனால் மிச்சமாகும் நேரத்தில் உங்கள் மனைவி தைக்கப் போவதில்லை, டியூஷன் எடுக்கப் போவதில்லை, மதியம் சற்றுப் படுக்கப்போகிறேன் என்று சொல்கிறார் என்றால், அதற்காகவும் அவருடைய நேரத்தைப் பூஜ்யமாக்க வேண்டாம். கார் கழுவாமல் மிச்சப்படுத்திய ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரத்தில் நீங்கள் என்ன செய்தீர்கள் என்று நான் கேட்கவில்லை.