ஜன்னல் வைத்த பேனலைத் தூக்கக் கொக்கி எங்கே?

*"சிங்கப்பூர் துவாஸில் கான்கிரீட் பேனல் வார்க்கும் யார்டில் வேலை செய்கிறேன். 6 மீட்டர் நீளம், 2.8 மீட்டர் உயரம், 150 மி.மீ. தடிமன் கொண்ட சுவர் பேனலை மோல்டிலிருந்து படுக்கை வாக்கில் நான்கு புள்ளிகளில் தூக்குகிறோம். முனையிலிருந்து 1.24 மீட்டரில் கொக்கி. சாதாரண பேனல் நன்றாக வருகிறது. நடுவில் ஜன்னல் உள்ள பேனலில் மட்டும் ஜன்னல் மூலையிலிருந்து வெடிப்பு. ஏன்?"*

நீளத்தை L என்றும் சதுர மீட்டருக்கான சுமையை w என்றும் வைத்தால், 1.24 மீட்டர் என்பது 0.207L. அந்த இடத்தில் கொக்கி வைத்தால் கொக்கிக்கு மேல் வரும் நெகட்டிவ் மொமென்டும் நடுவில் வரும் பாசிட்டிவ் மொமென்டும் சமமாகும், இரண்டும் 0.0214wL². ஆனால் கான்கிரீட்டை வெடிக்க வைப்பது அந்த மொமென்டால் வரும் இழுவிசை அழுத்தம்தான். நீளம் முழுவதும் வெட்டுமுகம் ஒரே மாதிரி இருந்தால்தான் சம மொமென்ட் சம அழுத்தமாகும்.

உங்கள் பேனலையே கணக்குப் போடுவோம். சுய எடை சதுர மீட்டருக்கு 3.75 கிலோநியூட்டன். மோல்டு பிடித்து இழுப்பதற்கும் கிரேன் உதறலுக்கும் சேர்த்து 1.5 மடங்கு எடுத்துக்கொள்கிறேன். w சுமார் 5.6 கிலோநியூட்டன் ஆகிறது. மொமென்ட் மீட்டர் அகலத்துக்கு 4.3 கிலோநியூட்டன் மீட்டர், அழுத்தம் 1.16 மெகாபாஸ்கல். கழற்றும்போது கியூப் வலிமை 20 மெகாபாஸ்கல் என்றால், யூரோகோடு தரும் சராசரி இழுவிசை வலிமை 1.9. அதனால்தான் சாதாரண பேனல் தாங்குகிறது.

ஜன்னல் நடுவெட்டில் பாதி உயரத்தை எடுத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். மிச்சப் பாதிதான் அதே மொமென்டைத் தாங்க வேண்டும். 2.3 மெகாபாஸ்கல்! வெடிக்காமல் என்ன செய்யும்? ஜன்னல் பகுதியின் எடை குறைவதால் உண்மையில் இது ஜன்னலின் அகலத்தைப் பொறுத்துக் கணிசமாகவே குறையலாம்; ஆனால் மூலையில் அழுத்தம் குவிவதால் வெடிப்பு அங்கிருந்துதான் கிளம்பும்.

கொக்கியை உள்ளே நகர்த்துங்கள். 1.35 மீட்டரில் வைத்தால் நடு மொமென்ட் 2.5 ஆகக் குறைகிறது, பாதி வெட்டில் அழுத்தம் 1.35. கொக்கிக்கு மேலே மொமென்ட் 5.1 ஆக ஏறினாலும் அங்கே முழு வெட்டும் இருப்பதால் அழுத்தம் 1.37 தான். எடைக் குறைவைச் சேர்க்காத இந்தக் கணக்கில், வெறும் 11 சென்டிமீட்டர் நகர்ந்ததில் இரண்டு இடமும் சமமாகிவிட்டன. 1.5 மீட்டர் வரை போனால் நடுவில் மொமென்ட் கிட்டத்தட்ட பூஜ்யம், ஆனால் கொக்கி மேல் 1.7 ஆகி வரம்பை நெருங்கும். அவ்வளவு தூரம் போகாதீர்கள்.

ஜன்னல் ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தால் எடை மையமும் நகரும். முனைகளிலிருந்து அளக்காமல் அந்த மையத்தை வைத்துக் கொக்கிகளை அமையுங்கள், இல்லையென்றால் பேனல் சாய்ந்துகொண்டு எழும்பும்.

ஜன்னல் இன்னும் உயரமாகி நடுவில் மெல்லிய பட்டைதான் மிச்சம் என்றால், கொக்கியை நகர்த்துவது போதாது. திறப்பின் குறுக்கே ஸ்டீல் சேனலைப் போல்ட் போட்டு முடுக்கிவிட்டுத் தூக்குங்கள்.

மாற்றிய பிறகும் வெடிப்பு வந்தால் எந்த முகத்தில் என்று பாருங்கள். நடுவில் அடிமுகத்தில் கீறல் என்றால் கொக்கிகள் இன்னும் வெளியே இருக்கின்றன. கொக்கி வரிசையின் மேல்முகத்தில் குறுக்காகக் கீறல் என்றால் அளவுக்கு மீறி உள்ளே வந்துவிட்டீர்கள். இரண்டு இடத்திலும் கீறினால் கொக்கியைத் தொடாதீர்கள். அன்றைய கியூப் டெஸ்ட் முடிவையும் மோல்டு எண்ணெய் பூசிய விதத்தையும் பாருங்கள்.